மகளிர் குழுவின் எலுமிச்சை ஊறுகாய்த் தொழில்: உப்பில் போடுவது முதல் லாபம் பிரிப்பது வரை

ஊறுகாய் போடத் தெரிந்த பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இருந்தும் பல சுய உதவிக் குழுக்களில் இந்தத் தொழில் இரண்டாவது வருடத்தைத் தாண்டுவதில்லை. காரணம் பெரும்பாலும் ருசி இல்லை. “நான் நாலு நாள் நின்றேன், அவள் ஒரு நாள்தான் வந்தாள், இரண்டு பேருக்கும் ஒரே பணமா?” என்ற கேள்வி வரும்போது குழுவிடம் பதில் இருக்காது. அந்தப் பதிலை முதல் பழம் வாங்குவதற்கு முன்பே எழுதி வைப்பதுதான் திட்டம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தென்காசி மாவட்டம் புளியங்குடியைச் சுற்றியுள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். எலுமிச்சைக்குப் பேர் போன ஊர், சந்தையும் பக்கத்திலேயே இருக்கிறது. குழுவில் 12 பேர். இந்த உதாரணக் குழுவை வைத்தே முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் முதலில் எலுமிச்சை மட்டும்

தொடங்கும்போதே மாங்காய், பூண்டு, தக்காளி, இஞ்சி என்று ஆறு வகை போட ஆசை வரும். முதல் வருடம் ஒன்று போதும், அதுவும் எலுமிச்சையாக இருந்தால் நல்லது. அதன் புளிப்பே அதைக் காக்கிறது. உணவில் அமில அளவைக் காட்டும் பி.ஹெச். எண் 4.6-க்கு மேல் போனால், காற்றுப் படாத எண்ணெய்க்குள் ‘போட்டுலினம்’ என்ற ஆபத்தான கிருமி வளர வாய்ப்பு உண்டு. எலுமிச்சை அந்த எல்லைக்கு மிகக் கீழே நிற்கிறது. பூண்டு அப்படியில்லை. அதில் புளிப்பு கிடையாது. வெறும் எண்ணெயில் வதக்கி அடைத்த பூண்டு பார்க்கவும் மணக்கவும் நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே ஆபத்து இருக்கலாம். போதுமான எலுமிச்சைச் சாறோ வினிகரோ புளியோ சேர்த்து, பி.ஹெச். அளந்து பார்த்த பிறகே பூண்டைக் கடைக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் கைவந்த பின் இரண்டாவது வகையைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொரு காரணம் விலை. எலுமிச்சை கோடையில் ஏறும், மழைக்காலத்தில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் குழுவின் லாபம் இருக்கிறது. மலிவான நாளில் பழத்தை வாங்கி உப்பில் போட்டுவிட்டால், கோடையில் சந்தை விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பணத்தை இரண்டு பையில் வையுங்கள்

குழுவுக்கு ஏற்கெனவே ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கும். மாதச் சேமிப்பும் உள்கடனும் அதில்தான் ஓடும். ஊறுகாய்ப் பணம் அதற்குள் போகக் கூடாது. தனி வங்கிக் கணக்கு, தனி ரொக்கப் புத்தகம், தனித் தீர்மானம் வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால், தொழில் நஷ்டமானபோது அது யாருடைய சேமிப்பிலிருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆளுக்கு 2,000 ரூபாய் பங்கு போட்டால் 24,000 வரும். உணவுத் தரமுள்ள பிளாஸ்டிக் டிரம்கள், எடைத் தராசு, வறுக்கும் பாத்திரம், முதல் லேபிள் அச்சு ஆகியவை இதற்குள் அடங்கும். சரக்கு வாங்கக் குழுச் சேமிப்பிலிருந்து 40,000 ரூபாயைக் கடனாக எடுக்கலாம். இதைக் கடனாகவே எழுதுங்கள், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியோடு. நம் பணம்தானே என்று வட்டியை விட்டுவிட்டால், ஊறுகாய் வேலைக்கு அதிகம் வராத உறுப்பினரின் சேமிப்பும் இலவசமாக உழைத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவர் அதைக் கேட்கத்தான் செய்வார்.

பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில், உணவுத் தொழில் செய்யும் குழுக்களுக்கு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் என்ற ஏற்பாடு 2020-ல் வந்தது. மாநில ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வட்டார இயக்க மேலாண்மை அலகில் கேட்டால் இப்போதைய நிலவரம் தெரியும். ஆனால் வரப்போகும் மானியத்தை நம்பி டிரம் வாங்காதீர்கள். இந்தக் கணக்கு மானியம் இல்லாமலே நிற்க வேண்டும்.

யார் எந்த வேலை

12 பேரும் 12 நாளும் வெட்ட வேண்டும் என்பது சமத்துவம் இல்லை, குழப்பம். உதாரணக் குழுவில் கொள்முதலுக்கு இருவர், தயாரிப்பிலும் அடைப்பதிலும் ஆறு பேர், விற்பனைக்கு மூவர், கணக்குக்கு ஒருவர். வெட்டும் நாளிலும் பாட்டிலில் அடைக்கும் நாளிலும் ஆள் தேவைப்பட்டால் யார் வேண்டுமானாலும் வரலாம், வந்த மணிக்குக் கூலி உண்டு.

இதில் மூன்று விதிகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. பழம் வாங்குபவர் கையில் பணப்பெட்டி இருக்கக் கூடாது. விற்பனை செய்பவர் கையில் சரக்கு அறைச் சாவி இருக்கக் கூடாது. கணக்கு எழுதுபவர் இரண்டையும் தொடக் கூடாது. யாரையும் சந்தேகப்பட்டு வைக்கும் விதி அல்ல இது. பத்து பாட்டில் குறைந்தால் எந்த இடத்தில் குறைந்தது என்று அரை மணி நேரத்தில் தெரிய வேண்டும், அதற்காகத்தான். ஊக்குநரும் பிரதிநிதிகளும் ஏற்கெனவே குழுவின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுபவர்கள் என்பதால், ஊறுகாய்க் கணக்கை நான்காவது ஒருவர் எழுதுவது நல்லது.

வேலைகளைச் சுழற்சியில் விடச் சொல்லி எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். வெட்டுவது, அடைப்பது, சந்தைக்குப் போவது எல்லாம் சுழலட்டும். தாளிப்பும் காரமும் கலக்கும் இருவரை மட்டும் ஒரு வருடம் மாற்றாதீர்கள். அவர்களும் கைப்பிடி, கண்ணளவு என்று போடாமல் கிராமில் எடை போட வேண்டும். அந்த எடைகளைச் சுவரில் ஒட்டி வையுங்கள். வாங்கியவர் இரண்டாவது பாட்டிலில் வேறு ருசியைப் பார்த்தால் மூன்றாவது வாங்க மாட்டார்.

50 கிலோ பழம், ஒரு தயாரிப்பு

மெல்லிய தோல், மஞ்சள் நிறம், கனமாக இருக்கும் பழம் வேண்டும். தடித்த தோல் பழத்தில் வெள்ளைச் சதை அதிகம், எத்தனை நாள் ஊறினாலும் கசப்பு நிற்கும். காம்பை நீக்கி, அடிபட்டதையும் கரும்புள்ளி உள்ளதையும் ஒதுக்கினால் 50 கிலோவில் ஏறக்குறைய 47.5 கிலோ தேறும். கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, நிழலில் ஈரம் போகக் காயவிடுங்கள். இங்கே அவசரப்பட்டால் பின்னால் பூஞ்சையாக வந்து நிற்கும்.

எட்டுத் துண்டாக வெட்டி, விதைகளை எடுத்துவிடுங்கள். விதை நசுங்கினாலும் கசக்கும். பழ எடையில் 18 சதவீதம் கல்லுப்பு, அதாவது எட்டரைக் கிலோ, கால் கிலோ மஞ்சள்தூளோடு சேர்த்துப் பிசறி டிரம்மில் போடுங்கள். உப்பைக் குறைத்தால் ஆரோக்கியம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டுக்கு ஒரு கிண்ணம் போடுகிறவர்கள் அதைச் செய்யட்டும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் சரக்குக்கு இந்த உப்பு வேண்டும். எல்லாம் கலந்த பிறகு இது முழு ஊறுகாயில் 13 சதவீதத்துக்கு அருகில் நிற்கும்.

மூன்றிலிருந்து நான்கு வாரம் ஊறட்டும். தினம் ஒருவர் மரக் கரண்டியால் அடி மேலாகப் புரட்ட வேண்டும். சாறு துண்டுகளுக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மிதக்கும் துண்டில்தான் முதலில் பூஞ்சை வரும். அலுமினியம், செம்பு, இரும்பு எதுவும் டிரம் பக்கம் வரக் கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்து ஊறுகாயைக் கறுக்கடிக்கும். தோலை விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், கடித்தால் பச்சை வாசம் இருக்கக் கூடாது. அதுதான் பதம். கோடைக்கென்று இருப்பு வைக்கும் சரக்கை இந்த நிலையிலேயே மூடி நிழலில் வைக்கலாம். நாள் ஆக ஆக நிறம் கொஞ்சம் பழுப்படையும், அது கெட்டதன் அடையாளம் இல்லை.

அப்புறம் காரம். இந்த அளவுக்கு 5 கிலோ மிளகாய்த்தூள், 9 லிட்டர் நல்லெண்ணெய், அரைக் கிலோ வெந்தயம், அரைக் கிலோ கடுகு, கால் கிலோ பெருங்காயம். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் மொத்த டிரம்மும் கசக்கும், திருத்த வழி கிடையாது. அதனால் சிறிது சிறிதாக வறுக்க வேண்டும். எண்ணெயைக் காய்ச்சித் தாளித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு மிளகாய்த்தூளைச் சேர்த்தால் நிறம் நிற்கும். எல்லாம் சேர்ந்தால், ஒட்டியது உலர்ந்தது போக ஏறக்குறைய 66 கிலோ வரும். 300 கிராம் பாட்டிலில் 220.

பாட்டிலை வெந்நீரில் கொதிக்கவிட்டு, வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே அடைக்க வேண்டும். கரண்டியால் அழுத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றி, மேலே அரை சென்டிமீட்டர் எண்ணெய் நிற்கும்படி மூடுங்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் இரண்டு பாட்டிலை எண் போட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் குறை சொல்லும் நாளில் அதைத் திறந்து பார்த்தால் கோளாறு நம்மிடமா, அவர் கடை வெயிலிலா என்று தெரியும். மூடி உப்பினாலோ, திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்தாலோ உள்ளே நொதித்திருக்கிறது. உப்புக் குறைந்திருக்கும், அல்லது உள்ளே ஈரம் சேர்ந்திருக்கும். அந்தத் தயாரிப்பு எண் உள்ள எல்லாப் பாட்டிலையும் திரும்ப எடுங்கள்.

பதிவும் லேபிளும்

மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. சிறு உற்பத்தியாளருக்கு உரிமம் வேண்டாம், எளிய பதிவு போதும். foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண் வரும். லேபிளில் அந்த எண்ணோடு பொருளின் பெயர், சேர்மானங்கள் எடை இறங்குவரிசையில், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், தயாரிப்பு எண், முகவரி, சைவத்தைக் காட்டும் பச்சைப் புள்ளி ஆகியவை வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டிவிடுங்கள். ஆயிரம் லேபிள் வீணாவதைவிட ஒரு பஸ் டிக்கெட் மலிவு. சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்திகள் இந்த ஊறுகாய்க்குத் தேவையில்லை. போட்டால் கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்ற வரம்பும், லேபிளில் அறிவிப்பும் உண்டு.

ஒரு பாட்டிலின் அடக்கம்

மலிவான நாளில் பழம் கிலோ 40 என்றால் 50 கிலோவுக்கு 2,000 ரூபாய். உப்பு 180, மிளகாய்த்தூள் 1,300, நல்லெண்ணெய் 3,060, மற்ற சாமான்கள் 560. சேர்மானம் மட்டும் 7,100. உடைவதையும் சேர்த்து 230 பாட்டில் 3,220, லேபிள் 690, அட்டைப்பெட்டி 300, கேஸும் மின்சாரமும் 350, பழம் ஏற்றிவந்த வண்டி 340. இது 4,900. ஆக 12,000.

இந்த இடத்தில் பல குழுக்கள் நிறுத்திவிடுகின்றன, கூலியை எழுதுவதே இல்லை. கொள்முதலும் கழுவித் துடைப்பதும் 12 மணி, வெட்டுவது 20, தினப் புரட்டல் மொத்தம் 6, வறுத்துத் தாளித்துக் கலப்பது 12, பாட்டில் கழுவி அடைத்து ஒட்டுவது 20. மொத்தம் 70 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் வைத்தால் 3,500. அப்படியானால் உண்மையான அடக்கம் 15,500, பாட்டிலுக்குச் சுமார் 70 ரூபாய்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு பாட்டிலுக்குள் இருக்கும் பழத்தின் விலை 9 ரூபாய், பாட்டிலின் விலை 14. பழ வியாபாரியிடம் கிலோவுக்கு 2 ரூபாய் பேரம் பேசுவதைவிட, மூன்று குழுக்கள் சேர்ந்து மொத்தமாகப் பாட்டில் வாங்கினால் அதிகம் மிஞ்சும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இதற்கு நல்ல இடம்.

விற்பனை

விலை 120 என்று வைப்போம். கடைக்காரருக்கு 25 சதவீதம் போக நமக்கு 90 வரும். 220-ல் 10 பாட்டில் மாதிரிக்கும் உடைவுக்கும் போகட்டும். 100 பாட்டிலை நேரடியாக விற்றால் 12,000, கடைகளில் 110 விற்றால் 9,900. வரவு 21,900. அடக்கம் போக 6,400. நேரடி விற்பனையில் விற்றவருக்குப் பாட்டிலுக்கு 10 வீதம் 1,000, பஸ் செலவு 400. மிச்சம் 5,000.

அத்தனையையும் கடைகளுக்கே போட்டால் மிச்சம் 3,000-மாகக் குறையும். அதனால் மாவட்டத் தலைநகரின் பூமாலை வணிக வளாகம், கல்லூரிச் சந்தை, கண்காட்சி, ரேஷன் கடை வாசல் என்று நேரடி விற்பனைக்கு வழி தேடுங்கள். கடைகளில் கடனுக்கு ஒரே ஒரு விதி: போன தடவைச் சரக்குக்குப் பணம் வந்த பிறகே அடுத்த பெட்டி இறங்கும். தெரிந்த அண்ணன் கடை என்றாலும் இதே விதிதான். சொல்லச் சங்கடமாக இருந்தால், “குழுத் தீர்மானம் அண்ணே, என் கையில் இல்லை” என்று சொல்லிவிடலாம். அது உண்மையும்கூட.

இப்போது கோடைக்கு வாருங்கள். அதே பழம் கிலோ 120 ஆனால் பழச் செலவு 4,000 கூடும். 5,000 மிச்சம் 1,000 ஆகிவிடும். மழைக்காலத்தில் உப்பில் போட்ட டிரம்தான் அந்த 4,000-ஐக் காப்பாற்றுகிறது.

லாபம் என்று எதைச் சொல்வது

இங்கேதான் கணக்கு ஏமாற்றும். நாலு தயாரிப்புக்கான பழத்தை உப்பில் போட்டால், பழம் 8,000, உப்பு 720, வண்டி 1,360, அதுவரையிலான 38 மணிக் கூலி நாலு தடவை 7,600 என்று 17,680 ரூபாய் டிரம்மில் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலாண்டின் ரொக்கப் புத்தகத்தைப் பார்த்தால் நஷ்டம் தெரியும், கூட்டத்தில் முகங்கள் வாடும். அடுத்த காலாண்டில் அதே டிரம்கள் விற்றுப் பணம் வரும்போது பெரிய லாபம் தெரியும், பிரித்துக்கொள்ளத் தோன்றும். இரண்டுமே பொய். காலாண்டு முடியும் நாளில் டிரம்மில் உள்ளதையும் விற்காத பாட்டிலையும் அடக்க விலைக்கு எழுதி, கடைகளில் வரவேண்டிய பாக்கியையும் கையிலுள்ள ரொக்கத்தையும் கூட்டி, நாம் தரவேண்டியதைக் கழியுங்கள். அது காலாண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ அதுதான் லாபம். அதிலும் கையில் ரொக்கமாக இருக்கும் அளவுக்கு மேல் பிரிக்கக் கூடாது.

ஒரு காலாண்டில் ஆறு தயாரிப்பு முழுதாக விற்றது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 30,000. இதில் கடன் வட்டி 1,200, அறை வாடகை மாதம் 600 வீதம் 1,800, கணக்கு எழுதுபவருக்கு மாதம் 500 வீதம் 1,500 கழியும். மீதி 25,500. இதை எப்படிப் பிரிப்பது?

40 சதவீதம், 10,200 ரூபாய், கடனை அடைக்க. ஒரு வருடத்தில் 40,000 கடன் தீரும், பிறகு அதே பங்கு சரக்கு முதலாக நிற்கும். 10 சதவீதம், 2,550, திரும்பி வரும் பாட்டிலுக்கும் உடையும் சாமானுக்கும். பாதி, 12,750, உறுப்பினர்களுக்கு.

அந்தப் பாதியையும் தலைக்குச் சமமாகப் பிரித்தால் உழைத்தவர் விலகுவார். முழுதும் மணிக் கணக்கில் பிரித்தால், பங்குப் பணம் போட்டுவிட்டு வயலுக்குப் போகிறவர் விலகுவார். மூன்றில் ஒரு பங்கு சமமாக, இரண்டு பங்கு வேலை மணிக்கு என்பது என் கருத்து. 4,250-ஐ 12-ஆல் வகுத்தால் ஆளுக்கு 354. 8,500-ஐ ஆறு தயாரிப்பின் 420 மணியால் வகுத்தால் மணிக்கு 20 ரூபாய் 24 காசு.

60 மணி வேலை செய்தவருக்குக் கூலி 3,000, மணிப் பங்கு 1,214, சமப் பங்கு 354 என்று 4,568 கிடைக்கும். 15 மணி மட்டும் வந்தவருக்குக் கூலி 750, மணிப் பங்கு 304, சமப் பங்கு 354, மொத்தம் 1,408. இந்த இரண்டு வரியையும் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டால் முதலில் சொன்ன கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். கூலி வாரம் ஒருமுறை, பங்கு காலாண்டுக்கு ஒருமுறை. தீபாவளிக்கு முன்பணம் கேட்டால் கூலியிலிருந்து கொடுக்கலாம், வராத லாபத்திலிருந்து கூடாது.

தீர்மானப் புத்தகத்தில் இன்னும் சில விஷயங்களையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உறுப்பினர் விலகினால் 2,000 பங்குப் பணம் எத்தனை மாதத்தில் திரும்பும். பிரசவத்துக்கும் உடல்நலக் குறைவுக்கும் போனவரின் சமப் பங்கு நிற்காது. வீட்டுக்கு எடுக்கும் பாட்டிலுக்கு 90 ரூபாய், இலவசம் இல்லை. கசந்துபோன டிரம்மின் நஷ்டம் வறுத்தவர் தலையில் விழாது, ஒதுக்கிய 10 சதவீதத்திலிருந்து போகும். இந்தக் கடைசி வரி இல்லாத குழுவில், கசந்த சரக்கைச் சொல்லாமல் அடைத்து அனுப்பிவிடுவார்கள்.